ஒரே தொகை, வேறு ஆள்

2025 ஆகஸ்டில், நான் கணக்குப் பார்த்துக் கொடுக்கும் ஒரு தனியார் பள்ளிக்கு ஒரு தந்தை வந்தார். கையில் பள்ளி அனுப்பிய கடிதம். அவர் மகள் ஜூன் மாதமே மாற்றுச் சான்றிதழ் வாங்கிக்கொண்டு வேறு ஊருக்குப் போய்விட்டாள். கட்டிய பருவக் கட்டணம் 18,500 ரூபாயைப் பள்ளி திருப்பிக் கொடுத்திருந்தது. கடிதமோ, அதே தொகை அவருக்கு இரண்டு முறை போய்விட்டதாகவும் ஒன்றைத் திருப்பிச் செலுத்த வேண்டும் என்றும் சொன்னது. "சார், நீங்க குடுத்தது ஒரே ஒரு செக்குதான்" என்று பாஸ்புக்கை விரித்து மேசைமேல் வைத்தார். அவர் சொன்னது முழு உண்மை.

பள்ளியின் கணக்கிலோ பிழை எதுவும் தெரியவில்லை. ஜூன் 30 அன்று ஏட்டில் இருந்த வங்கி இருப்பும் வங்கி அறிக்கையில் இருந்த இருப்பும் காசு பிசகாமல் ஒத்துப்போயின. வித்தியாசம் சுழியம்.

நம் ஏட்டில் எழுதிய வரவு செலவை வங்கி அறிக்கையோடு வரிக்கு வரி ஒப்பிட்டு, எது வந்துவிட்டது, எது இன்னும் வரவில்லை என்று பிரிப்பதுதான் வங்கிச் சரிகட்டும் பட்டியல். முன்பு கணக்காளர் அளவுகோலை வைத்து ஒவ்வொரு வரியாக டிக் அடிப்பார். இப்போது அறிக்கையை மென்பொருளில் ஏற்றி ஒரு பொத்தானை அழுத்தினால், அதுவே ஏட்டு வரியையும் வங்கி வரியையும் ஜோடி சேர்த்துவிடும். தொகை ஒத்திருக்க வேண்டும், தேதி அருகில் இருக்க வேண்டும் என்பது அதன் விதி. எவ்வளவு வித்தியாசம் வரை பொறுத்துக்கொள்ளலாம் என்பதை நாமே அமைப்பில் சொல்ல வேண்டும். இந்தப் பள்ளியில் யாரோ ஒருமுறை பத்து நாள், நூறு ரூபாய் என்று அமைத்திருந்தார்கள்.

ஒரு வணிகர் 43,217 ரூபாய்க்கு ஒரு பில்லும் 8,964 ரூபாய்க்கு இன்னொன்றும் போட்டால், தொகையே அந்தப் பில்லின் அடையாளம். அங்கே இந்தத் தளர்வால் பெரிய கெடுதல் வராது. பள்ளிக் கட்டணம், கடை வாடகை, மாதச் சந்தா எல்லாம் அப்படியல்ல. ஒரே தொகையை நூறு பேர் கட்டுகிறார்கள். கட்டணம் வசூலாகும் வாரங்களில் ஒரு நாளைக்கு ஆறு பேர் 18,500 கட்டுகிறார்கள் என்று வைத்துக்கொள்ளுங்கள். முன்னும் பின்னும் ஒரு நாள் என்றால் ஒரு வரிக்குப் பொருந்தக்கூடியவை 18. முன்னும் பின்னும் பத்து நாள் என்றால் 126. அவற்றில் சரியான ஒன்றை எடுக்க மென்பொருளிடம் வேறு துப்பு இல்லையென்றால், பட்டியலில் முதலில் கண்ணில் படுவதை எடுத்துக்கொள்ளும்.

இந்தத் தந்தை விஷயத்தில் நடந்ததை வரிசையாகச் சொல்கிறேன். ஜூன் 4 அன்று அவருக்கு 18,500 ரூபாய்க்குக் காசோலை எழுதி, அன்றே ஏட்டிலும் பதிந்தார்கள். அவர் அதை உடனே வங்கியில் போடவில்லை. ஜூன் 9 அன்று வேறொரு மாணவியின் வீட்டிலிருந்து அதே 18,500 ரூபாய்க்குக் காசோலை வந்தது. வங்கியில் வரவு வைத்தார்கள். கணக்கில் பணம் இல்லாததால் ஜூன் 11 அன்று அது திரும்பியது, வங்கி அந்த 18,500-ஐப் பற்று வைத்தது. ஏட்டில் இதற்குப் பதிவே இல்லை. பதிவு இல்லாத அந்த வரி, ஜோடியில்லாமல் நின்று கணக்காளரின் கண்ணை உறுத்தியிருக்க வேண்டும். ஆனால் மென்பொருள் ஏட்டில் தேடியது: 18,500, செலவு, ஏழு நாள் இடைவெளி. அந்தத் தந்தைக்கு எழுதிய காசோலை கிடைத்தது. இரண்டையும் சேர்த்து முடித்தது. திரும்பி வந்த காசோலை பார்வையிலிருந்தே மறைந்துபோனது.

ஜூன் 27 அன்று தந்தை தன் காசோலையை வங்கியில் போட்டார். இப்போது அந்த வரிக்கு ஏட்டில் ஜோடி இல்லை. அதன் ஜோடியை வேறொன்று ஏற்கெனவே கொண்டுபோய்விட்டது. மாதக் கடைசியில் மீதி நின்ற அந்த ஒற்றை வரியைப் பார்த்த அலுவலகத் தம்பி, பதிவு விட்டுப்போயிருக்கிறது என்று நினைத்து, அந்தத் தந்தையின் பெயரில் இன்னொரு 18,500 எழுதினார். இருப்பு ஒத்துப்போனது. தவறு நடந்த இடம் ஒன்று, தெரிந்த இடம் இன்னொன்று. தெரிந்த இடத்தில் திருத்தியதால் தவறு இரட்டிப்பானது.

இழப்பு ஒரு கடிதத்தோடு நிற்கவில்லை. காசோலை திரும்பிய மாணவியின் கணக்கில் கட்டணம் கட்டியாயிற்று என்றே இருந்தது. இரண்டு மாதம் யாரும் கேட்கவில்லை. மாற்றுமுறை ஆவணச் சட்டம் 138-ஆம் பிரிவின்படி, காசோலை திரும்பிய தகவல் வங்கியிலிருந்து கிடைத்த 30 நாளுக்குள் எழுத்து மூலம் அறிவிப்பு அனுப்ப வேண்டும். பள்ளி ஒரு பெற்றோர்மீது வழக்குப் போடாது, போடவும் கூடாது. ஆனால் கடனுக்குச் சரக்கு விற்கும் வணிகருக்கு அந்த 30 நாள் கைநழுவினால் பெரிய நஷ்டம்.

காசோலை எண்ணைப் பார்த்திருந்தால் இது நடந்திருக்காதே என்று கேட்கலாம். நானும் அதைத்தான் கேட்டேன். எண்ணை ஒப்பிடும் விதியை அணைத்து வைத்திருந்தார்கள். வங்கி அறிக்கையை எக்செல்லில் திறந்து சேமிக்கும்போது 000318 என்ற காசோலை எண் 318 ஆகிவிடும். யுபிஐயின் பன்னிரண்டு இலக்க எண் 5.16E+11 என்று மாறிப்போகும். இதனால் எதுவுமே பொருந்தாமல் மென்பொருள் நூற்றுக்கணக்கான வரிகளை மீதி வைத்தது. அலுத்துப்போய் விதியையே எடுத்துவிட்டார்கள். அந்த நெடுவரிசையை எழுத்து வடிவமாக, அதாவது டெக்ஸ்ட் ஆக, வைத்து இறக்கினால் போதும், எண்கள் அப்படியே வரும்.

நூறு ரூபாய்த் தளர்வு செய்த வேலை இன்னும் மறைவானது. ஐந்தாம் வகுப்புக் கட்டணம் 18,450, ஆறாம் வகுப்புக்கு 18,500. ஆறாம் வகுப்பு ரசீதை ஐந்தாம் வகுப்புப் பணத்தோடு சேர்த்து, குறைந்த 50 ரூபாயை வங்கிக் கட்டணம் என்று மென்பொருளே எழுதியிருந்தது. அடுத்து ஐந்தாம் வகுப்பு ரசீதுக்கு ஆறாம் வகுப்புப் பணத்தைச் சேர்த்து, கூடிய 50-ஐ அதே தலைப்பில் வரவு வைத்தது. இரண்டும் ஒன்றையொன்று கழித்துக்கொண்டன. இதைப் பிடிக்க ஒரு நல்ல வழி உண்டு. வங்கிக் கட்டணம் என்ற தலைப்பைத் திறந்து வரவுப் பக்கத்தைப் பாருங்கள். எடுத்த கட்டணத்தை வங்கி எப்போதாவது திருப்பித் தரும். மற்றபடி அந்தப் பக்கம் காலியாக இருக்க வேண்டும். அங்கே ஐம்பது, நாற்பது என்று சில்லறை வரவுகள் கிடந்தால் ஜோடிகள் மாறியிருக்கின்றன.

அந்த நூறு ரூபாயை வைத்ததற்கும் ஒரு காரணம் இருந்தது. இணையவழி கட்டும் பணத்தில் இடைநிறுவனம் தன் கட்டணத்தைப் பிடித்துக்கொண்டு மீதியைத்தான் அனுப்பும். அதற்குத் தளர்வு மருந்தல்ல. முழுத் தொகையையும் இடைநிறுவனத்தின் பெயரில் தனிக் கணக்கில் எழுதி, அவர்கள் தரும் பட்டியலைப் பார்த்துக் கட்டணத்தைப் பதிந்தால், வங்கியில் வரும் தொகை ரூபாய்க்கு ரூபாய் பொருந்தும். பத்து நாளும் காசோலை தாமதமாகும் காலத்தில் வைத்ததுதான். நெஃப்ட் 2019 டிசம்பரிலிருந்து எல்லா நாளும் எல்லா நேரமும் ஓடுகிறது. 2025 அக்டோபர் 4 முதல் காசோலைகளையும் வங்கிகள் தொகுப்பாகக் காத்திருக்காமல் பகல் முழுக்கத் தீர்க்கின்றன.

இப்போது அந்தப் பள்ளியில் தொகைத் தளர்வு சுழியம், நாள் இரண்டு. எண்ணும் தொகையும் சேர்ந்து பொருந்தினால் மட்டும் மென்பொருள் தானாக முடிக்கிறது. எண் இல்லாத வரிக்கு, ஏட்டிலும் வங்கியிலும் அந்தத் தொகை ஒன்றே ஒன்றாக இருந்தால்தான் ஜோடி. ஒன்றுக்கு மேல் இருந்தால் தொடாமல் விட்டுவிடும். மாதக் கடைசியில் நாற்பது வரிபோல் மீதி நிற்கும். தம்பி ரசீதுப் புத்தகத்தை வைத்துக்கொண்டு ஒன்றரை மணி நேரம் உட்கார்ந்து அவற்றைப் பார்க்கிறார்.

ஏப்ரலிலிருந்து முடித்திருந்த எல்லா ஜோடிகளையும் பிரித்து மறுபடி சேர்த்தபோது, ஆள் மாறிப்போனவை இன்னும் பதினொன்று கிடைத்தன. அந்தத் தந்தைக்குத் தாளாளர் தன் கையாலேயே மன்னிப்புக் கடிதம் எழுதி அனுப்பினார்.