ஏரி ஏன் தள்ளி நிற்கிறது?

சென்னைக்குத் தெற்கே உள்ள ஏரிகளை வரைந்து வைத்த ஒரு வரைபட அடுக்கு, ஓர் அலுவலகத்திலிருந்து இன்னோர் அலுவலகத்துக்கு வருகிறது என்று வைத்துக்கொள்வோம். கோப்பின் பெயர் `eri_final2.shp`. அதைச் செயற்கைக்கோள் படத்தின் மேல் விரித்தால், எல்லா ஏரிகளும் ஒரே திசையில் நூறு மீட்டருக்கும் மேல் தள்ளி நிற்கின்றன. வடிவம் சரியாகத்தான் இருக்கிறது, இடம்தான் பிசகு. கரைக்கு வெளியே இருக்கும் ஒரு தெரு ஏரிக்குள் இருப்பதாகத் தெரிகிறது. அந்தத் தெருவை ஆக்கிரமிப்புப் பட்டியலில் சேர்க்க இது ஒன்றே போதும்.

காரணம் பெரும்பாலும் பழைய டோப்போ ஷீட்டில் இருக்கும். இந்திய நில அளவைத் துறையின் பழைய தாள்கள், எவரெஸ்ட் நீள்கோளம் என்ற பூமி வடிவக் கணக்கின் மேல் வரையப்பட்டவை. 1802-இல் பரங்கிமலை அருகே லாம்டன் அடிக்கோடு அளந்து தொடங்கிய பெரும் அளவைப் பணியின் வழியில் வந்த கணக்கு அது. இந்தியாவுக்குப் பொருந்தும்படி அமைந்தது. இன்றைய ஜிபிஎஸ் கருவிகளோ உலகம் முழுவதற்கும் பொதுவான WGS 84 கணக்கைப் பயன்படுத்துகின்றன. இரண்டிலும் ஒரே அட்சரேகை, தீர்க்கரேகை எண்ணை எழுதினாலும் நிலத்தில் வேறு வேறு இடம்தான் வரும். எந்தக் கணக்கில் வரைந்தது என்ற ஒரு வரி கோப்போடு வந்திருந்தால், மென்பொருளே ஒன்றிலிருந்து மற்றொன்றுக்கு மாற்றிக் கொடுத்துவிடும்.

இதைவிடப் பெரிய பிழை ஒன்று உண்டு. ஆனால் அது ஆபத்து குறைந்தது. மீட்டரில் அளக்கும் யுடிஎம் முறை, உலகை ஆறு டிகிரி அகலமுள்ள பட்டைகளாகப் பிரிக்கிறது. 78 டிகிரி தீர்க்கரேகை தமிழ்நாட்டின் நடுவே ஓடுவதால், கோவை 43-ஆம் பட்டையிலும் மதுரை, சென்னை 44-ஆம் பட்டையிலும் விழுகின்றன. சென்னை ஏரிக்குத் தவறுதலாக 43 என்று எழுதினால், அது மங்களூருக்கு மேற்கே அரபிக்கடலில் போய் நிற்கும். பார்த்ததும் யாருக்கும் தெரிந்துவிடும். நூறு, இருநூறு மீட்டர் பிசகுதான் யார் கண்ணிலும் படாமல் அறிக்கை வரை போய்விடுகிறது.

குறிப்பு இல்லாத கோப்பைப் பெற்றவர் முதலில் எண்களைப் பார்ப்பது நல்லது. 80.2, 12.98 என்பதுபோல் இருந்தால் டிகிரி. 413000, 1435000 என்பதுபோல் ஆறு, ஏழு இலக்கங்களில் இருந்தால் மீட்டர். அந்த டிகிரி எவரெஸ்ட் கணக்கா, WGS 84 கணக்கா என்பதை எண்கள் சொல்லாது. சாலைச் சந்திப்பு, கோயில் குளம் போன்ற மாறாத சில இடங்களை ஒப்பிட்டு ஊகிக்கத்தான் முடியும். அப்போது பலர் அவசரத்தில் ஒரு தவறு செய்கிறார்கள். க்யூஜிஐஎஸ் மென்பொருளில் `Set Layer CRS` என்பதை அழுத்தி விரும்பிய பெயரைக் கொடுத்துவிடுகிறார்கள். அது பெயர்ச்சீட்டை மட்டுமே மாற்றும்; எண்களைத் தொடாது. உள்ளபடியான பெயரை முதலில் கொடுத்து, பிறகு `Reproject layer` மூலம் புதிய அடுக்காக மாற்றுவதே முறை.

இடம் சரியாகிவிட்டாலும் கேள்விகள் தீர்வதில்லை. தாள் அச்சான ஆண்டு வேறு, நிலத்தில் அளந்த ஆண்டு வேறு. டோப்போ ஷீட்டின் ஓரத்தில் இரண்டும் இருக்கும். ஏரிக்கு அளந்த ஆண்டுதான் முக்கியம். 1:50,000 தாளில் அரை மில்லிமீட்டர் தடிமனுள்ள கோடு நிலத்தில் 25 மீட்டர். அப்படிப்பட்ட கோட்டை வைத்து ஒரு வீட்டு மனையின் எல்லையைத் தீர்மானிக்க முடியாது. இதைக் கோடு வரைந்தவர்தான் எழுதி வைக்க வேண்டும். திரையில் எவ்வளவு பெரிதாக்கினாலும் கோடு கூர்மையாகவே தெரிவதால், பின்னால் வருபவருக்குச் சந்தேகமே எழாது.

ஆகவே அந்த ஏரி அடுக்குக்கு இப்படி ஒரு குறிப்பு போதும்:

```
மூலம்: 1:50,000 டோப்போ ஷீட் (தாள் எண்); திரையில் கையால் வரைந்தது
காலம்: நில அளவை ஆண்டு; அடுக்கு வரைந்த தேதி
புரொஜெக்‌ஷன்: EPSG:32644; எவரெஸ்டிலிருந்து மாற்றியது, மாற்றிய முறை
வரம்பு: 25 மீட்டர் வரை பிசகலாம். சிறு குட்டைகள் இல்லை.
        பட்டா, ஆக்கிரமிப்பு முடிவுகளுக்கு உதவாது
```

கடைசி வரியை எழுதப் பலர் தயங்குகிறார்கள், தங்கள் வேலையைத் தாங்களே குறைத்துச் சொல்வதுபோல் இருக்கிறதென்று. ஆனால் அடுத்தவர் முதலில் தேடுவது அதைத்தான்.

குறிப்பு எங்கே இருக்கிறது என்பதும் கவனிக்க வேண்டியது. ஷேப் கோப்பு என்பது `.shp`, `.shx`, `.dbf`, `.prj` எனப் பல கோப்புகளின் கூட்டம். மின்னஞ்சலில் அனுப்பும்போது `.prj` விடுபட்டால் புரொஜெக்‌ஷன் போய்விடும். க்யூஜிஐஎஸ் அந்த அடுக்கின் பக்கத்தில் ஒரு கேள்விக்குறியைக் காட்டும். மென்பொருளின் `Metadata` பக்கத்தில் எழுதும் குறிப்பும் ஷேப் கோப்புக்கு `.qmd` என்ற தனிக் கோப்பாகவே சேமிக்கப்படுவதால், அதுவும் வழியில் தொலையலாம். ஜியோபேக்கேஜ் வடிவத்தில் அடுக்கையும் குறிப்பையும் ஒரே கோப்புக்குள் வைக்க முடியும். பிறகு யாராவது ஓர் ஏரியின் கரையைப் புதிய படத்தைப் பார்த்துத் திருத்தினால், எந்த ஏரி, எந்தத் தேதிப் படம் என்பதை அதே குறிப்பில் புதிய வரியாகச் சேர்க்க வேண்டும். சேர்க்காவிட்டால் ஒரே அடுக்கில் இரண்டு காலத்து ஏரிகள் கலந்துவிடும், எது எந்தக் காலத்தது என்று பிரிக்கவே முடியாது.