குளிர்ச்சிக்கு நாம் கொடுக்கும் விலை

கச்சான் வீசும் மாதங்களில் திருகோணமலைத் துறைமுகத்தை அண்டிய தொடர்மாடி வீடுகளில் இரவு உறக்கம் அரிதாகின்றது. குளிர்ச்சிச் சாதனத்தின் விலையைப் பார்க்கும் நாம், அதன் மாதாந்த மின்செலவையும் கணக்கிட வேண்டும்.

ஓர் அறையில் இரவுதோறும் 8 மணித்தியாலம் இயங்கினால், 75 வாட் மின்விசிறிக்கு மாதம் 18 அலகுகளும், 150 வாட் ஏர் கூலருக்கு 36 அலகுகளும் செலவாகும். சிறிய குளிரூட்டியோ, அதன் அமுக்கி இடையிடையே ஓய்ந்தாலும், இரவுக்கு ஏறத்தாழ 5 அலகாக 150 அலகுகளை விழுங்கும்.

ஏனைய தேவைகளுக்கு 80 அலகுகள் செலவிடும் குடும்பத்தின் மொத்தப் பாவனை முறையே 98, 116, 230 ஆகும். நமது வீட்டு மின்கட்டணம் படிமுறையானது. 180 அலகுகளைக் கடந்தவை அதியுயர் படியில் அறவிடப்படுகின்றன. ஆகவே, பாவனை இரட்டிப்பானால் கட்டணம் இரட்டிப்பையும் தாண்டும்.

ஏர் கூலர் நடுவழியாகத் தோன்றலாம். ஆனால் அது நீரை ஆவியாக்கியே குளிர்விக்கின்றது. உலர்ந்த கச்சான் பகலில், யன்னல் திறந்திருந்தால், பயன் தரும். கடற்காற்றின் ஈரம் மிகுந்த இரவில் புழுக்கத்தையே கூட்டும்.

எனவே மின்விசிறியே முதல் தெரிவு. குழந்தையோ நோயாளியோ உள்ள வீட்டில் உறங்கும் வேளையில் குளிரூட்டியை 2 மணித்தியாலம் இயக்கி, பின்னர் மின்விசிறிக்கு மாறினால் மொத்தம் ஏறத்தாழ 150 அலகுகளே. அதியுயர் படியை எட்டாது.