ஸ்ரெரோயிட் குளிசையும் உறங்கிவிடும் சுரப்பியும்

1948இல் அமெரிக்காவின் மேயோ மருத்துவமனையில் பிலிப் ஹென்ச் என்பார் முடக்குவாத நோயாளி ஒருவருக்குக் கோட்டிசோனைச் செலுத்தினார். அசைய முடியாதிருந்தவர் சில நாட்களில் எழுந்து நடந்தார். இரண்டாண்டுகளில் நோபல் பரிசும் கிடைத்தது. ஆனால் 1952இல் வெளியான மருத்துவக் குறிப்பொன்று வேறு கதை கூறியது. கோட்டிசோன் பெற்றுவந்த இளைஞர் ஒருவருக்குச் சத்திரசிகிச்சைக்கு முன் அது நிறுத்தப்பட்டது; பின்னர் வீழ்ந்த குருதியமுக்கம் மீளவேயில்லை. இறந்தபின் நோக்கியபோது அவரது அதிரீனல் சுரப்பிகள் சுருங்கியிருந்தன.

இதன் காரணம் எளியது. நமது அதிரீனல் சுரப்பிகள் நாள்தோறும் ஏறத்தாழ 5 மில்லிகிராம் பிரெட்னிசொலோனுக்கு ஈடான கோட்டிசோலைச் சுரக்கின்றன. குளிசை வடிவில் அது வெளியிலிருந்து மிகுதியாக வரின், மூளையடியிலுள்ள கபச்சுரப்பி கட்டளை அனுப்புவதை நிறுத்திவிடுகிறது. ஏவலற்ற அதிரீனல் வாடுகிறது.

வெள்ளவத்தையிலோ கொட்டாஞ்சேனையிலோ வாழும் ஒரு பெண்ணை உதாரணமாகக் கொள்வோம். மூட்டு நோவுக்கு நாளொன்றுக்கு 20 மில்லிகிராம் வீதம் ஆறு மாதம் உட்கொள்கிறார். முதற் சில மாதங்களிலேயே என்பு, குறிப்பாக முள்ளந்தண்டில், விரைவாக நலிகிறது. காலையில் உண்ட குளிசை பிற்பகலிலேயே குருதிச் சர்க்கரையை உயர்த்துவதால், வெறுவயிற்றுச் சோதனையில் குறை தெரிவதில்லை. உறக்கம் கெடுகிறது, காரணமற்ற உற்சாகமும் சினமும் மாறிமாறி வருகின்றன. வீட்டார் அதனைக் குணக்கேடு என்கின்றனர். மருந்தை எவரும் ஐயுறுவதில்லை. முகம் உப்பியதைக் கண்டு அஞ்சி அவரே குளிசையை எறியலாம். 2022இன் பொருளாதார நெருக்கடியில் நேர்ந்ததுபோல் மருந்துத் தட்டுப்பாடு வந்தாலும் அது நின்றுவிடலாம்.

நின்றபின் வருவன சோர்வு, குமட்டல், எழுந்து நிற்கையில் தலைச்சுற்று, உடல் நோவு என்பன. பழைய நோயே மீண்டதென இவற்றைக் கருதுவது இயல்பு; இங்கேதான் இடர் மறைந்துள்ளது. அவ்வேளையில் காய்ச்சலோ வாந்தியோ சேர்ந்தால் குருதியமுக்கம் சரிந்து உயிருக்கே ஆபத்து நேரும்.

மூன்று கிழமைக்குக் குறைவாக உண்டவர் பெரும்பாலும் உடனே நிறுத்தலாம். நீண்டகாலம் உண்டவருக்கு, நோய் தணிந்திருந்தால், மருத்துவர் 5 மில்லிகிராம் அளவுவரை ஓரளவு விரைவாகவும், அதன்கீழ் மாதத்துக்கு 1 மில்லிகிராம் போல மிக மெதுவாகவும் குறைப்பார். விழிக்கத் தொடங்கும் சுரப்பிக்கு அவகாசம் வேண்டுமன்றோ? என்புக்குக் கல்சியமும் விற்றமின் டீயும், தேவையாயின் வேறு மருந்தும் தரப்படும். சர்க்கரை பிற்பகலில் அளக்கப்படும்.

இடையே கடுங்காய்ச்சல் வந்தால் அளவைக் கூட்டவேண்டும், குறைக்கலாகாது. வாந்தியால் குளிசை தங்காவிடின் தாமதமின்றி மருத்துவமனையில் ஐதரோகோட்டிசோன் ஊசி ஏற்றவேண்டும். சுரப்பி முற்றாக மீள ஓராண்டும் செல்லலாம். ஆதலால் மருந்தை விட்டுப் பல மாதங்கள் கழிந்தபின்னும், சத்திரசிகிச்சைக்குச் செல்பவர் அதனை உண்ட செய்தியை மயக்கமருந்து மருத்துவரிடம் கூறியாகவேண்டும்.