வார இறுதித் தமிழ் வகுப்பும் எழுத்து வரிசையும்

இலண்டன், டொராண்டோ போன்ற நகரங்களில் வீட்டிலும் பெரும்பாலும் ஆங்கிலமே பேசும் பிள்ளைகளுக்கு வாரம் 2 மணி நேரமாக, ஆண்டில் 36 வாரம் தமிழ் வகுப்பு நடப்பதாகக் கொண்டால், கிடைப்பது 72 மணி நேரமே. 247 எழுத்தையும் நெடுங்கணக்கு முறையில் கற்பிக்க முற்பட்டால் வாரத்துக்கு ஏறத்தாழ 7 எழுத்து வரும். ஓராண்டு அதிலேயே கழியும்.

எனினும் நேரக்குறைவைவிட ஒலியே பெரிய இடர்ப்பாடு. தமிழில் வல்லெழுத்தின் ஒலி அது நிற்கும் இடத்தைப் பொறுத்து வேறுபடும். கல், பக்கம், பகல், தங்கம் ஆகிய நான்கிலும் ககர வடிவம் ஒன்றே; ஒலி ஒன்றன்று. தமிழைக் கேட்டு வளரும் குழந்தை விதியறியாமலே இவ்வேறுபாட்டை ஒலிக்கும். சொல்லைக் கேட்டறியாத பிள்ளையோ எங்கும் ஒரே ஒலியைப் பெய்யும். 'தங்கம்' என்பதன் ககரத்தைப் 'பக்கம்' என்பதிற்போல வன்மையாக ஒலித்தால், அப்பிள்ளை எழுத்துக் கூட்டுகிறதேயன்றிச் சொல்லைப் படிக்கவில்லை என்று ஆசிரியர் அறியலாம்.

ஆகவே முதல் 8 வாரங்களையேனும் கேட்டலுக்கும் பேச்சுக்கும் ஒதுக்குதல் தகும். அப்போது 'வந்துட்டேன்' என்னும் வீட்டு வழக்கைத் திருத்த வேண்டுவதில்லை. 'வந்துவிட்டேன்' வாசிப்போடு வரும். பின்னர், வாயில் பழகிய சொற்களுக்குரிய எழுத்துகளே முதலில் அறிமுகமாக வேண்டும். ப, ட, ம மூன்றும் புள்ளியும் தெரிந்தால் படம், பட்டம், மட்டம் ஆகியவற்றைப் படிக்கலாம். துணைக்கால் சேர்ந்தால் பாடம், மாடம். உகர, ஊகாரக் குறிகள் மெய்தோறும் வடிவம் மாறுவதால் இறுதியில் வைக்கத் தக்கவை. நெடுங்கணக்கு வரிசை அகராதி புரட்டும் பருவம்வரை காத்திருக்கலாம்.