தாமதத்தால் வோல்டேஜை ஆளும் தைரிஸ்டர்

டிசி மோட்டாரின் வேகத்தைக் குறைக்க, அதற்குப் போகும் வோல்டேஜைக் குறைத்தால் போதும். 207 வோல்ட்டைப் பாதியாக்க வழியில் ஒரு ரெசிஸ்டரைப் போடலாம். ஆனால் மோட்டார் 20 ஆம்பியர் எடுத்தால் அந்த ரெசிஸ்டரில் 2,000 வாட்டுக்கு மேல் வெறும் சூடாகப் போய்விடும். தைரிஸ்டர் அதே வேலையை மின்சாரத்தை எரிக்காமல் செய்கிறது. அது வோல்டேஜை அழுத்திக் குறைப்பதில்லை. மின்சாரத்தை உள்ளே விடும் நேரத்தைத் தள்ளிப்போடுகிறது.

1957-இல் அமெரிக்காவின் ஜெனரல் எலெக்ட்ரிக் நிறுவனத்தில் உருவான தைரிஸ்டருக்கு டயோடைப் போலவே ஒரு திசையில் மட்டும்தான் மின்சாரம் ஓடும். டயோடில் இல்லாத மூன்றாவது முனை ஒன்று இதில் உண்டு. அதற்கு கேட் என்று பெயர். கேட்டில் ஒரு சிறு மின்துடிப்பு வரும் வரை தைரிஸ்டர் எதையும் விடாது. வந்துவிட்டால் திறந்துகொள்ளும். பிறகு கேட்டை என்ன செய்தாலும் மூடாது. வாய்க்காலில் நீர் வற்றினால் மட்டுமே தானாக இறங்கும் மதகு ஒன்று இருந்தால் எப்படியோ அப்படி, தன் வழியே ஓடும் மின்னோட்டம் நின்றால்தான் அடைபடும். ஏசி மின்சாரம் நொடிக்கு 100 முறை பூஜ்யத்தைக் கடப்பதால் அந்த வாய்ப்பு அடிக்கடி கிடைக்கிறது.

கோணம் என்பது நேரம்தான்

நம் வீட்டு மின்சாரத்தில் ஒரு அரை அலைக்கு 10 மில்லிநொடி ஆகிறது. அதை 180 டிகிரி என்று கணக்கிடுகிறார்கள். அலை பூஜ்யத்தில் எழத் தொடங்கியதிலிருந்து கேட்டுக்குத் துடிப்பு போகும் வரை உள்ள தாமதமே ஃபயரிங் ஆங்கிள் எனப்படும் தூண்டுகோணம். 90 டிகிரி என்றால் 5 மில்லிநொடி தாமதம். 60 டிகிரி என்றால் ஏறக்குறைய 3.3 மில்லிநொடி.

நான்கு தைரிஸ்டர்களைப் பாலமாக இணைத்து 230 வோல்ட் ஏசி கொடுப்போம். அலையின் உச்சம் 325 வோல்ட். வெளியே முதலில் ஒரு ஹீட்டரை வைப்போம். தூண்டுகோணம் பூஜ்யமானால் அரை அலைகள் முழுதாகக் கிடைக்கும். அவற்றின் சராசரி 207 வோல்ட். உச்சத்திலிருந்து பூஜ்யம் வரை ஏறி இறங்கும் அலையின் சராசரி என்பதால்தான் இது 230 ஆகவில்லை. கோணத்தைக் கூட்டினால் அலையின் முன்பகுதி வெட்டுப்படும்; மிஞ்சிய பரப்பின் சராசரி இது:

V = (Vm/π)(1 + cos α)

Vm என்பது உச்ச வோல்டேஜ், α தூண்டுகோணம். 60 டிகிரியில் 155 வோல்ட், 90-இல் 103.5, 120-இல் 52 கிடைக்கும். தாமதமும் வோல்டேஜும் ஒரே விகிதத்தில் நகர்வதில்லை என்பதைக் கவனியுங்கள். பூஜ்யத்திலிருந்து 30 டிகிரி வரை தள்ளினால் குறைவது 14 வோல்ட்தான். நடுவில், 75-இலிருந்து 105 வரை அதே 30 டிகிரியைத் தள்ளினால் 54 வோல்ட் குறைந்துவிடும். காரணம் எளிது. தொடக்கத்தில் அலை தாழ்வாக இருப்பதால் வெட்டும் துண்டு சிறியது. நடுவில் அலை உச்சத்தில் நிற்பதால் அதே அகலத் துண்டு பெரியது. சூத்திரத்தில் வரும் கொசைன் சொல்வது இதைத்தான்.

ஒரு கோளாறையும் இந்தச் சராசரியைக் கொண்டே கண்டுபிடிக்கலாம். 60 டிகிரியில் 155 காட்ட வேண்டிய மீட்டர் 78 வோல்ட்டை ஒட்டிக் காட்டினால், ஏதோ ஒரு தைரிஸ்டருக்குத் துடிப்பு போகவில்லை என்று சந்தேகிக்கலாம். பாலத்தில் இரண்டிரண்டு தைரிஸ்டர்கள் ஜோடியாக வேலை செய்வதால் ஒன்று திறக்காவிட்டாலும் அந்த அரை அலை முழுதும் போய்விடும். ஆஸிலாஸ்கோப்பில் பார்த்தால் நொடிக்கு 100 மேடுகளுக்குப் பதில் 50 மேடுகள்தான் தெரியும்.

மோட்டார் வந்தால் கணக்கு மாறும்

இப்போது ஹீட்டரை எடுத்துவிட்டு, பெரிய சோக் ஒன்றுடன் டிசி மோட்டாரை இணைப்போம். அதே 60 டிகிரியில் சராசரி 155 அல்ல, 103.5 வோல்ட்தான் வரும். தாமதம் மாறவில்லை, சுமைதான் மாறியிருக்கிறது.

சுருள் தன் வழியே ஓடும் மின்னோட்டத்தைச் சட்டென்று நிற்க விடாது. ஏசி அலை பூஜ்யத்தைக் கடந்து எதிர்த்திசைக்குப் போன பிறகும் மின்னோட்டம் ஓடிக்கொண்டிருப்பதால் தைரிஸ்டர் அடைபடாமல் நிற்கும். அடுத்த ஜோடிக்குத் துடிப்பு வந்து பொறுப்பேற்கும் வரை, அலையின் எதிர்ப்பகுதியும் வெளியே வந்து சராசரியிலிருந்து கழிபடுகிறது. நம் கணக்கில் அந்தக் கழிவு 52 வோல்ட். 155-இல் அது போக மீதி 103. மின்னோட்டம் இடைவிடாமல் ஓடும் வரை சூத்திரம் இப்படிச் சுருங்கும்:

V = (2Vm/π) cos α

90 டிகிரியில் மேலே உள்ள பரப்பும் கீழே உள்ள பரப்பும் சமமாகி, சராசரி பூஜ்யமாகிறது. 120 டிகிரியில் விடை கழித்தல் 103.5. மின்னோட்டத்தின் திசை மாறவில்லை, வோல்டேஜ் மட்டும் தலைகீழானது. அப்படியென்றால் மின்சக்தி டிசி பக்கத்திலிருந்து ஏசி பக்கத்துக்குத் திரும்புகிறது என்று பொருள். டிசி பக்கத்தில் மின்னோட்டத்தைத் தள்ளிக்கொண்டே இருக்க ஒரு மூலம் இருந்தால், ரெக்டிஃபையராக இருந்த அதே பாலம் இன்வெர்ட்டராகிவிடும்.

ராய்கரும் புகளூரும்

சத்தீஸ்கரின் ராய்கரிலிருந்து தமிழ்நாட்டின் புகளூர் வரை 1,700 கிலோமீட்டருக்கு மேல் நீளும் டிசி மின்பாதை இந்தக் கொசைனை நம்பியே இயங்குகிறது. அதன் அளவு கூட்டல் கழித்தல் 800 கிலோவோல்ட், 6,000 மெகாவாட். இரு முனைகளிலும் மும்முனை மின்சாரத்துக்கான தைரிஸ்டர் பாலங்கள் உள்ளன. மின்சாரம் தெற்கே வரும்போது ராய்கர் ரெக்டிஃபையர், புகளூர் இன்வெர்ட்டர்.

இத்தகைய பாதைகளில் ரெக்டிஃபையர் முனையின் தூண்டுகோணத்தைப் பொதுவாக 15 டிகிரியை ஒட்டி வைப்பார்கள். அந்த இடத்தில் கிடைப்பது உச்ச அளவில் 96.6 சதவீதம். பூஜ்யத்திலேயே வைத்தால் வோல்டேஜைத் திடீரென்று கூட்ட இடமிருக்காது. மிகவும் தள்ளினாலோ ஏசி மின்தொகுப்பிலிருந்து எடுக்கும் மின்னோட்டம் குறையாமலேயே பவர் ஃபேக்டர் சரியும்.

இன்வெர்ட்டர் முனையில் கோணத்தை 180 வரை கொண்டுபோக முடியாது. வேலை முடித்த தைரிஸ்டருக்கு மின்னோட்டம் நின்றபின், மீண்டும் வோல்டேஜைத் தாங்குவதற்குமுன் சற்று ஓய்வு வேண்டும். ஆகவே 17, 18 டிகிரி அளவுக்கு இடைவெளி விடுவார்கள்; நேரத்தில் அது ஒரு மில்லிநொடிக்குள் அடங்கும். அருகிலுள்ள ஏசி பாதையில் இடி விழுந்து வோல்டேஜ் சரிந்தால் இந்த இடைவெளி சுருங்கிவிடும். அடைபட வேண்டிய தைரிஸ்டர் அடைபடாமல் திரும்பவும் ஓட்டம் பிடிக்கும். டிசி பக்கம் சில கணங்கள் குறுக்குச்சுற்றாகும். அப்போது கட்டுப்பாட்டுக் கருவி இன்வெர்ட்டருக்கு முன்கூட்டியே துடிப்பு கொடுத்து இடைவெளியை அகலமாக்கும். மறுமுனையில் ரெக்டிஃபையரின் கோணத்தைக் கூட்டி மின்னோட்டத்தை அடக்கும்.

கேட்டால் திறக்க முடியும், மூட முடியாது என்ற தைரிஸ்டரின் குணத்திலிருந்தே இந்த வரம்பு வருகிறது. புகளூரிலிருந்து திருச்சூருக்குப் போகும் 2,000 மெகாவாட் டிசி பாதையில் கேட்டாலேயே மூடவும் முடிகிற ஐஜிபிடி டிரான்சிஸ்டர்கள் வேலை செய்கின்றன. அவை அடைபட ஏசி அலையின் உதவி தேவையில்லை; தூண்டுகோணம் என்ற கணக்கும் அங்கே இல்லை.