முன்கூட்டிக் கட்டினால் என்ன மிச்சம்?

திருப்பூரில் ஒரு பனியன் கம்பெனிக்கு நூல் வந்து இறங்குகிறது என்று வைத்துக்கொள்வோம். பில் 6 லட்சம் ரூபாய். 30 நாளில் பணம் கட்ட வேண்டும். 10 நாளுக்குள் கட்டினால் 2 சதவீதம் கழித்துக்கொள்ளலாம். வியாபாரத்தில் இதைக் கேஷ் டிஸ்கவுண்ட், சுருக்கமாகச் சிடி என்பார்கள். கழிவு வெறும் 12,000 ரூபாய்தானே, கையில் பணம் இருக்கட்டும் என்று விட்டுவிடுகிறவர்கள் நிறையப் பேர். அந்த முடிவுக்கு என்ன விலை என்று அவர்கள் கணக்குப் போட்டுப் பார்ப்பதில்லை.

10ஆம் நாள் கட்ட வேண்டிய 98 ரூபாயை 30ஆம் நாள்வரை வைத்திருப்பதற்கு 2 ரூபாய் கூடுதலாகக் கொடுக்கிறோம். அதாவது 20 நாளுக்கு 98 ரூபாய்க்கு 2 ரூபாய் வட்டி. வருடத்துக்குக் கணக்கிட்டால் 37 சதவீதம் வருகிறது. அதே கம்பெனி வங்கியின் சிசி கணக்கில் 11 சதவீத வட்டிக்குப் பணம் எடுக்க முடிகிறது என்றால், மில்லுக்கு 37 சதவீதம் கொடுத்துக் கடன் வாங்குவதில் பொருளே இல்லை. ஆனால் எல்லாக் கழிவும் இப்படி இல்லை. 23 நாள் முன்பாகக் கட்டினால் அரை சதவீதம் என்று ஒருவர் சொன்னால், அது வருடத்துக்கு 8 சதவீதம்தான். 11 சதவீதத்துக்குக் கடன் எடுத்து அதைப் பிடித்தால் நஷ்டம். உங்கள் சிசி வட்டியைவிடக் கூடுதலாக வருகிற கழிவை மட்டும் தொடுங்கள்.

கழிவு தவறிப்போவதற்குப் பணத் தட்டுப்பாடு மட்டும் காரணமல்ல. பெரும்பாலும் தேதிதான் காரணம். கணக்கர் வாரம் ஒருமுறை உட்கார்ந்து, கெடு வந்த பில்களை எடுத்துப் பணம் அனுப்புகிறார். அவர் பார்ப்பது 30ஆம் நாள் கெடுவை. 10ஆம் நாள் கெடு அவர் பட்டியலில் ஏறவே இல்லை. ஏறியிருந்தாலும், பில் குடோனில் நாலு நாள், நூலின் தரம் பார்த்துக் கையெழுத்தாக மூன்று நாள், முதலாளி மேஜையில் இரண்டு நாள் என்று கிடந்து கணக்கரிடம் வரும்போது 9 நாள் ஓடிப்போயிருக்கும். நாள் எண்ணத் தொடங்குவது பில் தேதியிலிருந்தா, சரக்கு வந்த தேதியிலிருந்தா என்பதை ஆர்டர் போடும்போதே பேசி எழுதிக்கொள்ளாவிட்டால் பிறகு தகராறுதான்.

ஆகவே ஒவ்வொரு பில்லுக்கும் இரண்டு தேதி வேண்டும்: கழிவுக்குக் கடைசி நாள், பணத்துக்குக் கடைசி நாள். பணம் அனுப்பும் நாளில் கேட்க வேண்டிய கேள்வி ஒன்றுதான். அடுத்த முறை பணம் அனுப்பும் நாளுக்கு முன்பாக எந்தத் தேதி கடந்துபோகும்? அது மட்டும் இன்று போகட்டும். மற்றது காத்திருக்கட்டும். ஒரு நாள் முன்னதாகக் கட்டினாலும் அதற்கும் வட்டி ஓடுகிறது.

அந்தக் கம்பெனியின் ஒரு வெள்ளிக்கிழமையைப் பார்ப்போம். தேதி ஜூன் 5. அடுத்து பணம் அனுப்புவது ஜூன் 12. சிசி லிமிட்டில் எடுக்க மீதியிருப்பது 22 லட்சம். இதில் முதலில் கழிய வேண்டியவை கழிவு பில்கள் அல்ல. சனிக்கிழமை வாரச் சம்பளம் 5 லட்சம். 7ஆம் தேதிக்குள் அலுவலகச் சம்பளமும் டிடிஎஸ்ஸும் சேர்த்து 3 லட்சம். சாயப்பட்டறையின் பழைய பில் ஒன்று 45ஆம் நாளை நெருங்குகிறது, அதற்கு 4 லட்சம். எதிர்பாராத செலவுக்கென்று தொடாமல் வைக்கும் தொகை 3 லட்சம். பையர் 6 லட்சம் அனுப்புவதாகச் சொல்லியிருக்கிறார். வங்கியில் வந்து விழும்வரை அதைச் சேர்க்கக் கூடாது. ஆக, கழிவுக்கென்று செலவிடக்கூடியது 7 லட்சம்.

நூல் பில்லின் தேதி மே 29. கழிவுக்குக் கடைசி நாள் ஜூன் 8, அடுத்த வெள்ளிக்கு முன்பே வருகிறது. இன்று 5,88,000 கட்டினால் 12,000 மிச்சம். கழிவு வேண்டாம் என்று விட்டால் 28ஆம் தேதி கெடுவுக்கு முந்தைய வெள்ளியான ஜூன் 26-இல் கட்டுவோம். இடையில் 21 நாள். அந்த நாட்களுக்கு சிசி வட்டி சுமார் 3,720. நிகர லாபம் 8,280 ரூபாய். யோசிக்காமல் கட்டலாம்.

அட்டைப்பெட்டிக்காரரின் பில் 2 லட்சம், ஜூன் 1 தேதியிட்டது. 7 நாளில் கட்டினால் 1 சதவீதம். இப்போது கையில் எஞ்சியிருப்பது 1,12,000, தேவை 1,98,000. ஒதுக்கிவைத்த 3 லட்சத்தில் கை வைத்தால் 2,000 கழிவு கிடைக்கும் என்று மனம் சொல்லும். வட்டி 1,250 போக உண்மையில் நிற்பது 750 ரூபாய்தான். லிமிட் தாண்டி ஒரு செக் திரும்பினால் வங்கி பிடிக்கும் கட்டணமே அதில் பெரும்பகுதியைத் தின்றுவிடும்; பெயர் கெடுவது தனி. இதை விட்டுவிடுவதே சரி.

மெஷின் உதிரிபாக பில் 50,000, அரை சதவீதக் கழிவு. கிடைப்பது 250, வட்டி 315. பணம் இருந்தாலும் வேண்டாம். லேபிள், எலாஸ்டிக் பில்லின் கழிவுக்கு ஜூன் 16 வரை நேரம் இருக்கிறது. அதை 12ஆம் தேதி பார்த்துக்கொள்ளலாம்.

சாயப்பட்டறையை வரிசையில் முன்னால் வைத்ததற்குச் சட்டமே காரணம். 2006ஆம் ஆண்டின் குறு, சிறு, நடுத்தரத் தொழில் மேம்பாட்டுச் சட்டப்படி, பதிவு பெற்ற குறு, சிறு தொழில் நிறுவனத்துக்கு ஒப்பந்தம் இருந்தால் அதிகபட்சம் 45 நாளில், இல்லாவிட்டால் 15 நாளில் பணம் கட்டியாக வேண்டும். தவறினால் ரிசர்வ் வங்கியின் வங்கி விகிதத்தைப் போல மூன்று மடங்கு வட்டி, மாதா மாதம் கூட்டு வட்டியாக ஏறும். கெடு தாண்டிய தொகையை அது உண்மையில் கட்டப்படும் ஆண்டில்தான் வருமான வரிக் கணக்கில் செலவாகக் காட்ட முடியும் என்ற விதியும் 2023 நிதிச் சட்டத்தில் வந்துவிட்டது. நூல் மில்லிடம் கழிவு பிடிப்பதற்காகச் சின்னப் பட்டறைக்காரரின் பணத்தைத் தள்ளிப்போடுவது நியாயமும் இல்லை, லாபமும் இல்லை.

கழிவை எடுக்கும்போது இன்னொன்றையும் கவனிக்க வேண்டும். 2 சதவீதம் என்பது ஜிஎஸ்டிக்கு முந்தைய தொகையிலா, மொத்தத் தொகையிலா என்று முன்பே பேசிக்கொள்ள வேண்டும். கழித்த தொகைக்குக் கிரெடிட் நோட் கேட்டு வாங்காவிட்டால் இரண்டு பக்கக் கணக்கும் ஒத்துப்போகாது. கெடு தாண்டிய பிறகு கழித்து அனுப்பினால் மில் அடுத்த பில்லில் அதைத் திரும்பக் கேட்கும். நான்கைந்து முறை அப்படி நடந்தால் கழிவே நின்றுபோகும். விடுமுறை நாளில் பணம் போகாது என்ற சாக்கு இப்போது செல்லாது. 2019 டிசம்பரிலிருந்து நெஃப்ட், 2020 டிசம்பரிலிருந்து ஆர்டிஜிஎஸ் எல்லா நாளும் 24 மணி நேரமும் இயங்குகின்றன.

கடந்த மூன்று மாத பில்களை எடுத்து, கழிவு கிடைத்திருக்கக்கூடிய தொகை எவ்வளவு, உண்மையில் எடுத்தது எவ்வளவு என்று உங்கள் கணக்கரிடம் கேளுங்கள். தவறிய ஒவ்வொன்றுக்கும் எதிரே, பில் வந்த தேதியையும் கையெழுத்தான தேதியையும் எழுதித் தரச் சொல்லுங்கள்.