‘சரி’ என்று எழுதினால் சான்றாகுமா?

நோயாளியின் உடலில் செலுத்தப்படும் கதிர்வீச்சைக் கணினி கட்டுப்படுத்தும்போது, அதன் மென்பொருள் சோதிக்கப்பட்டதா என்ற வினாவுக்கு ‘ஆம்’ என்ற விடை மட்டும் போதாது. எது, எவ்வாறு, எந்தப் பதிப்பில் சோதிக்கப்பட்டது என்பதைப் பல ஆண்டுகள் கழித்து வரும் தணிக்கையாளரும் ஆவணத்தைப் படித்தே அறிய வேண்டும். அதன் காரணத்தைத் தெராக்-25 என்னும் கருவியின் வரலாற்றைக் கொண்டு காண்போம்.

தெராக்-25 கனடாவில் உருவான புற்றுநோய்க் கதிர்மருத்துவக் கருவி. 1985க்கும் 1987க்கும் இடையே ஆறு விபத்துகளில் அது நோயாளிகளுக்கு அளவு மீறிய கதிர்வீச்சைச் செலுத்தியது. அவற்றுள் இரண்டு, 1986 மார்ச்சிலும் ஏப்ரலிலும், டெக்சஸ் மாநிலத்து டைலர் நகரின் ஒரே மருத்துவமனையில் நிகழ்ந்தன.

எக்ஸ் கதிர், எலக்ட்ரான் கதிர் என இருவகைச் சிகிச்சைகளை அக்கருவி அளித்தது. எலக்ட்ரான் சிகிச்சைக்கு `e` என்று தட்டச்சு செய்ய வேண்டிய இயக்குநர், பழக்கத்தால் `x` என்று தட்டினார். பிழையை உணர்ந்ததும் அம்புக்குறி விசையால் மேலே சென்று அதைத் திருத்தினார். இவையனைத்தும் சில நொடிகளில் முடிந்தன. கருவியின் காந்தங்கள் அமைவதற்கு ஏறத்தாழ 8 நொடிகள் பிடித்தன. அந்த இடைவெளிக்குள் நிகழ்ந்த திருத்தத்தை மென்பொருள் முழுமையாகக் கவனத்தில் கொள்ளவில்லை. திரையில் `e` தெரிந்தது. பாய்ந்த கதிரோ எக்ஸ் கதிருக்குரிய மிகுவலிமை கொண்டது. பின்னர் திரையில் `Malfunction 54` என்று தோன்றியது.

முதல் விபத்துக்குப் பின் வந்த பொறியாளர்களால் அப்பிழையை மீண்டும் தோற்றுவிக்க முடியவில்லை. இரண்டாம் விபத்துக்குப் பிறகு, மருத்துவமனையின் இயற்பியலாளரும் அந்த இயக்குநரும் பலமுறை முயன்று, விரைவாகத் தட்டச்சு செய்தால்தான் பிழை தோன்றும் என்று கண்டறிந்தனர்.

இனி, ‘கதிர்வகைத் திருத்தம் சோதிக்கப்பட்டது, சரி’ என்று ஒரு பதிவு இருந்ததாகக் கற்பனை செய்வோம். அது பொய்யாக இராது; மெதுவாகத் திருத்திப் பார்த்தவருக்கு எல்லாம் சரியாகவே இருந்திருக்கும். எனினும் ‘சரி’ என்பது சோதித்தவரின் முடிவேயன்றிச் சான்று ஆகாது. அதைக் கொண்டு வேறொருவர் சோதனையைத் திரும்பச் செய்யவும் இயலாது. எது விடுபட்டது என்று கண்டுகொள்ளவும் இயலாது.

சான்றாகும் பதிவை எவ்வாறு எழுதுவோம்? முதலில், எந்தத் தேவைக்கான சோதனை என்று அதன் எண்ணைக் குறிப்போம்: ‘தேவை 14: திரையில் காணும் கதிர்வகையும் கருவியின் நிலையும் ஒன்றாதல் வேண்டும், ஒன்றாவிடில் கதிர் பாயக்கூடாது.’ அடுத்து, படிகள்: ‘`x` தட்டுக, மற்ற விவரங்களை நிரப்புக, 5 நொடிகளுக்குள் `e` என மாற்றுக, கதிரை இயக்குக.’ எதிர்பார்க்கும் விளைவைச் சோதனைக்கு முன்பே எழுதிவிட வேண்டும். கண்ட விளைவைப் பார்த்தபின் எழுதினால் இரண்டும் எப்போதும் பொருந்திவிடும். பின்னர், கண்ட விளைவு, அளந்த கதிரளவு, மென்பொருளின் பதிப்பு எண், பயன்படுத்திய கருவிகள், நாள், சோதித்தவர் பெயர் ஆகியவற்றைப் பதிவோம். மருத்துவக் கருவி மென்பொருளுக்கான ஐ.ஈ.சி. 62304 என்னும் பன்னாட்டுத் தரநிலையும் இத்தகைய விவரங்களையே கோருகிறது.

இச்சோதனை தோல்வியுற்றால் அப்பதிவை அழித்துவிட்டுப் புதிதாக எழுதலாகாது. தோல்வி அப்படியே நிற்க வேண்டும். அதன் கீழே பிழை அறிக்கையின் எண், பிழை திருத்தப்பட்ட பதிப்பு, மறுசோதனையின் முடிவு என ஒன்றிலிருந்து மற்றொன்றுக்கு வழி தொடர வேண்டும். தணிக்கையாளர் தேவையிலிருந்து முடிவுக்கும், முடிவிலிருந்து தேவைக்கும் அவ்வழியில் நடந்து பார்ப்பார். சோதனை நாள், அந்தப் பதிப்பு உருவான நாளுக்கு முந்தியதாக இருந்தால், பதிவு பின்னர் நினைவிலிருந்து எழுதப்பட்டதோ என ஐயுறுவார். எல்லாச் சோதனைகளும் முதல் முயற்சியிலேயே வென்றதாகக் காட்டும் கோப்பும் அவரை ஐயுறச் செய்யும்.

டைலர் விபத்துகளுக்குப் பின் அமெரிக்காவின் உணவு, மருந்து நிர்வாகம் தெராக்-25இன் மென்பொருளை ஆராய்ந்தபோது, மென்பொருள் விவரக்குறிப்புக்கும் சோதனைத் திட்டத்துக்கும் உரிய ஆவணங்கள் குறைவாக இருந்ததைச் சுட்டிக்காட்டியது.

நல்ல ஆவணம் இருந்திருந்தாலும், எண்ணிப் பாராத பிழையை அது தானே கண்டுபிடித்திராது. ஆயினும் ‘5 நொடிகளுக்குள்’ என்பது போன்ற ஒரு வரி படிகளில் இல்லையென்பதைப் படிப்பவர் கண்டிருக்கலாம். ‘விரைந்து தட்டினால் என்னவாகும்?’ என்று கேட்டிருக்கலாம். ‘சரி’ என்ற ஒற்றைச் சொல் அந்த வினாவுக்கு இடந்தருவதில்லை.